பாதி, பாதியின் பாதி: ஒரு வரைபில் நான் விட்ட பிழை

என் தங்கச்சிக்குத் தைரொயிட்டுச் சுரப்பியில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அவளுடைய இளைய மகனுக்கு இரண்டு வயது. சத்திரசிகிச்சை செய்து சுரப்பியை எடுத்தார்கள். சில வாரங்களின் பின் கதிர்த்தொழிற்பாட்டு அயடீன் குளிசை ஒன்று கொடுக்க வேண்டும் என்றார்கள். இந்தச் சிகிச்சைக்கு எங்கள் கரையோரத்து ஊர்களிலிருந்து பலர் மஹரகம வரை போய் வருகிறார்கள். இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடத்தில் தைரொயிட்டுப் புற்றுநோய் இருப்பதால், இதை வாசிக்கும் வீடுகளிலும் யாராவது ஒருவர் இதே பாதையில் போயிருக்கக்கூடும்.

நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிப்பவள். அரை ஆயுட்காலக் கணக்குகளைப் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் செய்து காட்டியிருக்கிறேன். அப்படியிருந்தும் என் சொந்த வீட்டில் அந்தக் கணக்கு வந்து நின்றபோது பிழையாகச் செய்தேன். எங்கே பிழைத்தேன் என்பதை எனக்குக் காட்டியது என் மாணவிகள் செய்த ஒரு பயிற்சி.

குளிசைக்கு முந்திய இரண்டு வாரமும் தங்கச்சிக்கு அயடீன் குறைந்த சாப்பாடுதான். கடல் மீன் இல்லை, கருவாடு இல்லை, அயடீன் சேர்த்த உப்பும் இல்லை. கடலைப் பார்த்துக்கொண்டே மீனில்லாமல் சோறு தின்பது எங்கள் ஊரில் பெரிய சோதனை. ஆனால் அதற்குக் காரணம் உண்டு. தைரொயிட்டுக் கலங்கள் இரத்தத்திலிருந்து அயடீனை இழுத்து எடுப்பவை. சாதாரண அயடீனுக்கும் கதிர்த்தொழிற்பாடுள்ள அயடீனுக்கும் அவற்றுக்கு வேறுபாடு தெரியாது. கலங்களைப் பட்டினி போட்டு வைத்தால், குளிசையில் வருவதை ஆவலோடு எடுத்துக்கொள்ளும். சத்திரசிகிச்சையில் தப்பி எஞ்சியிருக்கும் கலங்களை அந்த அயடீன் உள்ளிருந்தே அழிக்கும்.

குளிசையில் இருந்தது அயடீன்-131 என்னும் சமதானி. அதன் அரை ஆயுட்காலம் ஏறக்குறைய 8 நாட்கள். தங்கச்சியின் கிளினிக் கொப்பியில் குளிசையின் தொழிற்பாடு 3.7 கிகாபெக்கரெல் என்று எழுதியிருந்தது. ஒரு பெக்கரெல் என்பது ஒரு செக்கனுக்கு ஒரு கரு தேய்வது. ஆகவே அந்தக் குளிசையில் ஒவ்வொரு செக்கனும் 370 கோடி கருக்கள் தேய்ந்துகொண்டிருந்தன. உம்மா கேட்டு நடுங்கிப்போனார். "இவ்வளவையும் எப்படி மகள் விழுங்கிற?" என்றார்.

உம்மாவுக்காக A = λN என்ற சமன்பாட்டை எடுத்தேன். A தொழிற்பாடு, N கருக்களின் எண்ணிக்கை, λ தேய்வு மாறிலி. தேய்வு மாறிலி பெற 0.693 ஐ அரை ஆயுட்காலத்தால் வகுக்க வேண்டும். 8 நாட்கள் என்பது 691,200 செக்கன்கள். வகுத்தால் ஏறத்தாழ பத்து இலட்சத்தில் ஒன்று வருகிறது. அதாவது ஓர் அயடீன்-131 கரு அடுத்த செக்கனில் தேய்வதற்கான வாய்ப்பு பத்து இலட்சத்தில் ஒன்று. செக்கனுக்கு 370 கோடி தேய்வதானால், இருப்பது அதைப்போல் பத்து இலட்சம் மடங்கு, அதாவது 3.7 × 10¹⁵ கருக்கள். கேட்கப் பெரிய எண்தான். ஆனால் அவகாதரோ எண்ணால் வகுத்து 131 ஆல் பெருக்கினால் அதன் திணிவு 0.8 மைக்ரோகிராம். ஒரு பொடி உப்புத் துகளை விடவும் மிகக் குறைவு. "அப்ப குளிசையில மிச்சமெல்லாம் என்ன?" என்றார் உம்மா. மிச்சமெல்லாம் அதை ஏந்தி வரும் கூடும் தூளும்தான்.

தங்கச்சி தனியறையில் மூன்று நாட்கள் இருந்தாள். பஸ்ஸில் ஆட்களோடு ஒட்டி உட்கார்ந்து வரக்கூடாது என்பதால் வேன் பிடித்துக் கூட்டி வந்தோம். நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், தனிக் கழிப்பறை பாவித்தால் நல்லது, இரு முறை தண்ணீர் ஊற்ற வேண்டும், சிறு பிள்ளையை 14 நாட்களுக்கு அருகில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். சின்னவனை நாங்கள் எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டோம்.

மூன்று வீடு தள்ளி உம்மா இருக்கிறார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். மாலையானால் வாசலில் நின்று அழுவான்.

ஓர் இரவு நான் வரைபுத்தாளை எடுத்தேன். கிடையச்சில் நாட்கள், நிலைக்குத்தச்சில் தொழிற்பாடு. தொடக்கத்தில் 100 பங்கு, 8 ஆம் நாளில் 50, 16 இல் 25, 24 இல் 12.5. புள்ளிகளை ஒப்பமான வளையியால் தொடுத்தேன். வகுப்பில் பிள்ளைகள் வழமையாகத் தடுமாறும் இடம் இந்தப் புள்ளிகளுக்கு இடையில்தான். 4 ஆம் நாளில் எவ்வளவு என்று கேட்டால், 100 க்கும் 50 க்கும் நடுவில் 75 என்பார்கள். இரண்டு புள்ளியையும் அடிமட்டம் வைத்து நேர்கோட்டால் இணைத்துப் பார்ப்பதால் வரும் விடை அது. வளையி நேர்கோட்டுக்குக் கீழே தொங்குகிறது. 4 நாட்களில் எந்தப் பங்கு மிஞ்சுகிறதோ, அடுத்த 4 நாட்களில் அதிலும் அதே பங்குதான் மிஞ்ச வேண்டும். இரு முறை பெருக்கி ½ வர வேண்டுமானால் அந்தப் பங்கு ½ இன் வர்க்கமூலம், ஏறக்குறைய 0.71. வளையியிலும் 71 என்றுதான் வாசிக்க வரும். 75 ஐ எடுத்து 0.75 × 0.75 என்று பெருக்கிப் பார்த்தால் 0.56 வரும், 8 ஆம் நாளில் பாதிக்கு மேல் மிஞ்சிவிடும். பிழை அங்கேயே பிடிபடும்.

14 ஆம் நாளுக்கு நேரே மேலே போய் வளையியைத் தொட்டு, இடப்பக்கம் வாசித்தேன். 30.

அந்த 30 என்னைத் தூங்க விடவில்லை. 14 நாள் கழித்தும் நூற்றுக்கு முப்பது பங்கு இருக்கிறதென்றால் பிள்ளையை எப்படிக் கொடுப்பது? எழுதிக் கொடுத்தவர்கள் அவசரத்தில் பிழையாக எழுதிவிட்டார்களோ என்று நினைத்தேன். வளையியில் இன்னும் தள்ளிப் போனேன். ஐந்து அரை ஆயுட்காலம், அதாவது 40 நாட்கள் போனால் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, நூற்றுக்கு 3 மட்டும்தான் மிஞ்சும். மறுநாள் தங்கச்சியிடம் 40 நாள் பொறுக்கச் சொன்னேன். "ராத்தா சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்றாள். அவள் அப்படிச் சொன்னதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வாரம் தரம் 13 வகுப்பில் ஒரு டியூட் செய்தோம். அதில் அச்சிட்ட ஒரு தேய்வு வளையி இருந்தது. அயடீன்-131 மாதிரி ஒன்றைக் கைகர் மூலர் எண்ணியின் முன் வைத்து நாற்பது நாட்கள் எண்ணியதாகக் கதை. நிலைக்குத்தச்சில் நிமிடத்துக்கு எண்ணிக்கை. ஒரு பெரிய கட்டம் 100, ஒரு சிறு கட்டம் 10. கிடையச்சில் ஒரு பெரிய கட்டம் 4 நாட்கள். வளையி 840 இல் தொடங்கியது. அரை ஆயுட்காலத்தைக் காண் என்பது வினா.

அச்சிட்ட வரைபை வாசிப்பதற்கும் ஒரு முறை உண்டு. போட்டோக்கொப்பி எடுத்தெடுத்து அந்தக் கோடு தடித்திருந்தது. ஒரு முனையின் விளிம்பை எடுத்தால் ஒரு சிறு கட்டமே மாறிப்போகும், ஆகவே கோட்டின் நடுவை எடுக்க வேண்டும். நிலைக்குத்தச்சு பூச்சியத்தில் தொடங்குகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் உயரத்தின் பாதியும் பெறுமானத்தின் பாதியும் ஒன்றல்ல. அரை ஆயுட்காலத்தை ஓரிடத்தில் மட்டும் வாசிக்காமல் மூன்று இடத்திலாவது வாசிக்க வேண்டும். கடைசி ஆலோசனையை நான் எப்போதும் சொல்வேன், ஆனால் ஏன் என்று அவ்வளவாக விளக்கியதில்லை. சராசரி எடுத்தால் வழு குறையும் என்பதோடு நிறுத்திவிடுவேன்.

பிள்ளைகள் வாசித்தார்கள். 840 இன் பாதி 420. வளையி அங்கே வந்தது 8.6 நாளில். 420 இன் பாதி 210, அது 17.9 நாளில், அதாவது இன்னும் 9.3 நாட்கள் கழித்து. 210 இன் பாதி 105. அது 29 ஆம் நாளில், இன்னும் 11.1 நாட்கள் கழித்து. பெரும்பாலானோர் மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்து 9.7 என்று எழுதினார்கள். பின் வரிசையிலிருந்த ஒரு மாணவி மட்டும் எழுதாமல் இருந்தாள். "டீச்சர், இது வாசிச்ச பிழை இல்ல. பிழையெண்டா ஒண்டு கூடும், ஒண்டு குறையும். இது கூடிக்கொண்டே போகுது" என்றாள்.

அவள் சொன்னதுதான் இந்தப் பாடத்தின் உயிர். ஒரே வகைக் கரு, ஒரே வழியில் தேய்கிறதென்றால் எந்த இடத்தில் தொடங்கினாலும் பாதியாவதற்கு ஒரே நேரம்தான் எடுக்கும். கரு தன் வயதை அறியாது. நேற்று உண்டானதும் போன மாதம் உண்டானதும் அடுத்த செக்கனில் தேய்வதற்கு ஒரே வாய்ப்புத்தான். ஆகவே வாசித்த அரை ஆயுட்காலங்கள் ஒழுங்காக நீண்டுகொண்டே போனால், அந்த வளையியில் வேறு ஏதோ கலந்திருக்கிறது.

இங்கே கலந்திருந்தது பின்னணி எண்ணிக்கை. மாதிரியே இல்லாவிட்டாலும் மண்ணிலும் சுவரிலும் வானத்திலும் இருந்து வரும் கதிர்ப்பை எண்ணி எண்ணிக்கொண்டுதான் இருக்கும். வினாவின் அடியில் சிறிய எழுத்தில் பின்னணி நிமிடத்துக்கு 40 என்று இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. வளையியின் வால் பூச்சியத்தை நோக்கிப் போகாமல் 40 ஐ நோக்கித் தட்டையாவதையும் பார்த்திருக்கலாம். 840 இலிருந்து 40 ஐக் கழித்தால் மாதிரியின் சொந்த எண்ணிக்கை 800. அதன் பாதி 400. வரைபில் தேட வேண்டியது 400 + 40, அதாவது 440. அது சரியாக 8 ஆம் நாளில் இருந்தது. அடுத்தது 200 + 40, அதாவது 240. 16 ஆம் நாள். பின் 140, 24 ஆம் நாள். மூன்று தடவையும் எட்டு எட்டு. சராசரி எடுத்தவர்கள் அந்த நீட்சியைச் சராசரிக்குள் மூடி மறைத்துவிட்டார்கள்.

மாலையில் வீட்டுக்கு வந்து தங்கச்சியின் கிளினிக் கொப்பியைக் கேட்டு வாங்கினேன். குளிசை கொடுத்ததிலிருந்து வீட்டுக்கு விடும் வரை, நாளொன்றுக்கு ஒரு தடவை, ஒரு மீற்றர் தூரத்தில் நின்று மானியால் அளந்து எழுதியிருந்தார்கள். முன்பு அதை நான் புரட்டிப் பார்த்ததோடு சரி. மணித்தியாலத்துக்கு மைக்ரோ சீவேட்டு அலகில் அந்த அளவீடுகள் இவை: விழுங்கிய உடன் 200, ஒரு நாள் கழித்து 33, இரண்டாம் நாள் 11, மூன்றாம் நாள் 8.

நான் போட்ட கணக்கின்படி மூன்று நாளில் 200 என்பது 154 ஆகத்தான் குறைந்திருக்க வேண்டும். கொப்பியில் இருந்தது 8. குளிசை தன் 8 நாள் அரை ஆயுட்காலத்தை விட்டுவிட்டு வேகமாகத் தேய்ந்துவிட்டதா? அப்படி ஒருபோதும் நடக்காது. சூடாக்கினாலும் குளிராக்கினாலும் விழுங்கினாலும் அயடீன்-131 கருவின் அரை ஆயுட்காலம் மாறாது. பின் வரிசை மாணவியின் சோதனையைப் போட்டுப் பார்த்தேன். 200 இலிருந்து 33 க்கு வந்த முதல் நாளில் பாதியாகும் நேரம் ஏறக்குறைய 9 மணித்தியாலம். இரண்டாம் நாளில் 15 மணித்தியாலம். மூன்றாம் நாளில் 52 மணித்தியாலம். கூடிக்கொண்டே போனது. அப்படியானால் இங்கும் ஒன்றல்ல, இரண்டு கலந்திருக்கின்றன.

சுரப்பி எடுக்கப்பட்ட உடலில் அயடீனின் பெரும்பகுதிக்குத் தங்க இடமில்லை. சிறுநீரகம் அதை வடித்து வெளியே அனுப்புகிறது. நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னதும், இரு முறை தண்ணீர் ஊற்றச் சொன்னதும் இதற்காகத்தான். ஒரு சிறு பகுதி மட்டும் எஞ்சிய தைரொயிட்டுக் கலங்களில் ஒட்டிக்கொள்கிறது. 200 ஐ 190 என்றும் 10 என்றும் பிரித்து, 190 ஆனது 8 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பாதியாவதாகவும், 10 ஆனது ஏறக்குறைய 7 நாளுக்கு ஒரு தடவை பாதியாவதாகவும் வைத்துப் பார்த்தேன். ஒரு நாளில் மூன்று தடவை பாதியாகும் 190, 24 ஆகிறது, மெதுவான பகுதி 9, கூட்டினால் 33. இரண்டாம் நாள் 3 உம் 8 உம், மொத்தம் 11. மூன்றாம் நாள் வேகமான பகுதி அநேகமாக இல்லை; மிஞ்சியது 8. கொப்பியோடு பொருந்தியது.

அந்த 7 நாள் எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். தைரொயிட்டுக் கலத்துக்குள் போன அயடீன் வெளியேறிப் பாதியாவதற்கு ஏறக்குறைய 80 நாட்கள் எடுக்கும். அது தேய்ந்து பாதியாக 8 நாட்கள். இரண்டு வாசலும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதால் பாதியாகும் நேரம் இரண்டையும் விடக் குறைய வேண்டும். இரண்டு அரை ஆயுட்காலங்களின் பெருக்கத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால், 640 ஐ 88 ஆல் வகுக்க 7.3 நாட்கள். இதைத்தான் பயன்படு அரை ஆயுட்காலம் என்பது. நான் குளிசைக்குரிய வளையியை வரைந்தேன். வரைந்திருக்க வேண்டியது தங்கச்சிக்குரிய வளையியை. மேசை மேல் வைத்த குளிசைக்கு ஒரு வாசல்தான். உடலுக்குள் போன அயடீனுக்கு இரண்டு.

14 ஆம் நாளுக்குத் திரும்பவும் கணக்கிட்டேன். 7.3 நாளுக்கு ஒரு தடவை பாதியாகும் 10, 14 நாளில் 3 க்கும் குறைவு. என் முதல் வளையியின்படி அது 59 ஆக இருந்திருக்கும்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த எண்கள் என் தங்கச்சியுடையவை. தைரொயிட்டு மிகைச் சுரப்புக்காக இதே அயடீனைக் குடிப்பவர்களுக்குச் சுரப்பி உள்ளேயே இருக்கும். கொடுக்கும் அளவு குறைவென்றாலும் அதில் பெரும் பங்கு ஒட்டிக்கொள்ளும். மெதுவான பகுதி என் 10 ஐப் போல் சிறியதாக இராது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு வேகமான பகுதியே வேகம் குறையும். நாள் கணக்கை அளந்து பார்த்தவர்கள்தான் சொல்ல வேண்டும். நானும் அந்த இரவே தங்கச்சியை அழைக்கவில்லை. மறுநாள் காலை, கொப்பியில் இருந்த இலக்கத்துக்குப் பேசி, 14 நாள் என்று எழுதியது சரிதானா என்று கேட்டேன். சரிதான், இப்போது எத்தனையாவது நாள் என்று கேட்டார்கள். பத்தொன்பது என்றேன். மறுமுனையில் ஒரு கணம் பேச்சில்லை. "ஏன் இன்னும் பிள்ளையைக் கொடுக்கவில்லை?" என்றார்கள்.

அன்று அசர் நேரத்தில் சின்னவனைத் தூக்கிக்கொண்டு போனேன். வாசலில் இறக்கிவிட்டதும் ஓடுவான் என்று நினைத்தோம். அவன் ஓடவில்லை. என் சேலையைப் பிடித்துக்கொண்டு உம்மாவைப் பார்த்தபடி நின்றான். அவள் திண்ணையில் உட்கார்ந்து கையை நீட்டிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் எடுத்தது.